இருவருக்கு அதிரசம்: எதை வகுப்பது, எங்கே நிறுத்துவது

தீபாவளி அதிரசத்துக்கு நம் வீடுகளில் வழங்கிவரும் அளவுகள் எல்லாம் கூட்டுக் குடும்பத்தை மனத்தில் வைத்துப் போட்டவை. ஒரு கிலோ பச்சரிசி, முக்கால் கிலோ வெல்லம் என்று தொடங்கும். சுட்டு முடித்தால் ஏறத்தாழ 60 அதிரசம் தேறும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்து, வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட அது சரியான கணக்கு. இன்றைக்குப் பல வீடுகளில் பண்டிகை அன்று இருப்பது இரண்டே பேர். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெற்றோர், புதிதாகத் தனிக்குடித்தனம் வந்த தம்பதி, வயதான அம்மாவும் மகளும். அவர்களுக்கு 60 அதிரசம் வேண்டாம். ஆனால் அதிரசம் வேண்டும்.

அளவைக் குறைப்பது சுலபம் என்றுதான் முதலில் தோன்றும். பன்னிரண்டு பேருக்கான அளவு, நாம் இரண்டு பேர், ஆகவே எல்லாவற்றையும் ஆறால் வகுத்துவிடலாம். வகுத்துப் பார்த்தால் அரிசி 166 கிராமும் சொச்சமும் வருகிறது. வெல்லம் 125 கிராம். 15 ஏலக்காய் இரண்டரை ஆகிறது. ஒரு டீஸ்பூன் சுக்குத்தூள் ஆறில் ஒரு டீஸ்பூன் ஆகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் 33 மில்லி ஆகிறது. இந்த எண்களை எந்தக் கரண்டியாலும் அளக்க முடியாது. தோராயமாகப் போட்டுச் செய்தால், பாகு சட்டியில் ஒட்டிக் கருகுகிறது, அல்லது மாவு மறுநாள் கல்லாகிறது. அதன் பிறகு கடையில் நாலு வாங்கிக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

பலர் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். ஒன்று, ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பது. மற்றொன்று, பட்டியலில் உள்ள எல்லாப் பொருளையும் ஒரே எண்ணால் வகுப்பது. இவை இரண்டையும் சரிசெய்துவிட்டால் பின்னத்துக்கே இடமில்லாமல் போகும்.

ஆளை விட்டு விகிதத்தைப் பிடியுங்கள்

ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பதை 4 பங்கு அரிசிக்கு 3 பங்கு வெல்லம் என்று எழுதிப் பாருங்கள். அதிரசத்தின் உயிர் இந்த 4-க்கு 3-தான். வெல்லம் இதைவிட மிகுந்தால் மாவு எண்ணெயில் பிரியும். குறைந்தால் அதிரசம் வறண்டு போகும். கிலோ, படி, டம்ளர் எதுவாக இருந்தாலும் இந்த உறவு மாறுவதில்லை.

இனி ஒரு பங்கு எத்தனை கிராம் என்பதை மட்டும் நாம் முடிவு செய்தால் போதும். பழைய அளவில் ஒரு பங்கு 250 கிராம். அதை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் அரிசி 200 கிராம், வெல்லம் 150 கிராம். இரண்டும் முழு எண்கள், இரண்டையும் சமையலறைத் தராசில் நேராக நிறுத்துவிடலாம். பழைய அளவில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு இது. ஆகவே 12 அதிரசம் வரும். இரண்டு பேர் ஆளுக்கு ஆறு என்று ஒரு வாரம் வைத்துச் சாப்பிடலாம். இரண்டு பேருக்காக ஆறால் வகுப்பதைவிட, எண்கள் உடையாத ஐந்தால் வகுத்தோம். அதனால் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு அதிரசம்தான்.

பாட்டியின் நோட்டில் படிக்கணக்கு இருந்தாலும் இதே வழிதான். சென்னைப் படியில் ஒரு படி பச்சரிசி ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம் இருக்கும். அதற்கு ஒரு கிலோ வெல்லம் என்று வைத்தால் விகிதம் கிட்டத்தட்ட அதே 4-க்கு 3 ஆகிவிடுகிறது. நம்முடைய முகத்தலளவையே பாதி பாதியாக இறங்கும்படி அமைந்தது. ஒரு படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. மூன்று முறை பாதியாக்கினால் ஒரு படி எட்டில் ஒன்றாகி ஓர் ஆழாக்கு ஆகிறது. ஒரு கிலோ வெல்லத்தையும் மூன்று முறை பாதியாக்குங்கள்: 500, 250, 125 கிராம். ஓர் ஆழாக்கு அரிசிக்கு 125 கிராம் வெல்லம். எங்கும் பின்னம் இல்லை. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறியது. ஆகவே உங்கள் வீட்டு ஆழாக்கில் ஒரு தடவை அரிசியை நிரப்பி நிறுத்துப் பார்த்து, அந்த எடையில் முக்கால் பங்கு வெல்லம் வைப்பது உறுதியான வழி.

வெல்லத்தை மட்டும் டம்ளரால் அளக்க வேண்டாம். பொடித்த வெல்லத்தைத் தளர்வாக நிரப்பினால் ஓர் எடை, அழுத்தி நிரப்பினால் வேறோர் எடை. முக்கால் கிலோ போடும்போது பத்திருபது கிராம் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. 150 கிராமில் 20 கிராம் பிசகினால் விகிதமே மாறிவிடும். அளவு சிறுத்துப்போகும்போது தராசின் தேவை கூடுகிறது.

எல்லாப் பொருளையும் ஐந்தால் வகுக்கக் கூடாது

அரிசி, வெல்லம் இரண்டையும் கண்டிப்பாக ஐந்தால் வகுத்தோம். பட்டியலில் மற்றவற்றுக்கு அந்தக் கண்டிப்பு தேவையில்லை. சிலவற்றை வகுக்கவே கூடாது.

முதலில் தண்ணீர். பாகு காய்ச்சும்போது ஊற்றும் தண்ணீர் வெல்லத்தைக் கரைப்பதற்காகத்தான். பதம் வருவதற்குள் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். ஆகவே தண்ணீர் கொஞ்சம் கூடினால் பாகு கெடாது, அடுப்பில் இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். குறைந்தால்தான் ஆபத்து. 150 கிராம் வெல்லத்துக்கு ஒரு டம்ளரை ஐந்தால் வகுத்து 40 மில்லி ஊற்றினால், கட்டி கரைந்து முடிவதற்குள் ஓரத்தில் இருக்கும் பாகு காய்ந்து கருக ஆரம்பிக்கும். கால் டம்ளர், அதாவது 50 முதல் 60 மில்லி, தாராளமாக ஊற்றலாம். தண்ணீரில் வரும் பின்னத்தை எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்குங்கள்.

அடுத்தது வாசனைப் பொருள்கள். 15 ஏலக்காயில் ஐந்தில் ஒரு பங்கு 3 ஏலக்காய், அது தானாகவே சரியாக வந்துவிட்டது. சுக்குத்தூளும் எள்ளும் நெய்யும் அப்படி வராது. இவற்றில் துல்லியம் பார்க்க வேண்டாம், கைக்கு எது வசதியோ அந்த அளவில் நிறுத்திக்கொள்ளலாம். சுக்குத்தூள் இரண்டு சிட்டிகை, எள் அரை டீஸ்பூன், நெய் ஒரு டீஸ்பூன். இவற்றால் சுவை சற்றே மாறலாம், அதிரசம் உடையாது.

எண்ணெயை வகுக்கவே வகுக்காதீர்கள். பொரிக்கும் எண்ணெயின் அளவை முடிவு செய்வது வாணலி. அதிரசம் மூழ்கி மேலே எழும்பி வர மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். பெரிய வாணலியில் அந்த ஆழத்துக்கு ஒரு லிட்டர் பிடிக்கும். எண்ணெய்ப் பரப்பு 14 சென்டிமீட்டர் அகலம் இருக்கும் குழிவான சிறு வாணலியில் 350 மில்லி போதும். லிட்டரை ஐந்தால் வகுத்து 200 மில்லியைப் பெரிய வாணலியில் ஊற்றினால், அதிரசம் அடியில் உட்கார்ந்து ஒரு பக்கம் கருகும்.

நேரத்தையும் வகுக்க முடியாது. அரிசி ஊற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அது ஒரு கிலோவானாலும் 200 கிராமானாலும் ஒன்றுதான். மாவு புளிக்காமல் பக்குவப்பட ஓர் இரவாவது வேண்டும். ஒவ்வோர் அதிரசமும் எண்ணெயில் இருக்கும் நேரமும் அதேதான், ஏனென்றால் அதன் அளவை நாம் சிறிதாக்கவில்லை. எண்ணிக்கை குறையட்டும், அதிரசம் குறுகக் கூடாது. சிறு எலுமிச்சை அளவு உருண்டையைத் தட்டுவதே வழக்கம். அதைப் பாதியாக்கித் தட்டினால் நடுவில் மென்மை இல்லாமல் முழுவதும் மொறுமொறுப்பாகிவிடும்.

அரிசியை ஒரு கைப்பிடி கூடப் போடுங்கள்

200 கிராம் அரிசி என்று சொன்னேன். ஊறவைக்கும்போது அதற்கு மேல் ஒரு கைப்பிடி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசியை மில்லில் கொடுத்து அரைத்தால் சிந்துவது, சல்லடையில் நிற்பது எல்லாம் கணக்கில் வராத அளவு. 200 கிராமை மிக்ஸியில் அரைக்கும்போது ஜாரின் ஓரத்தில் ஒட்டுவதும் சல்லடையில் தங்கும் குருணையும் நல்ல பங்கைப் பிடித்துக்கொள்ளும். மாவு போதாமல் போனால் அந்த நேரத்தில் ஈர மாவுக்கு எங்கே போவது? கடையில் வாங்கும் காய்ந்த அரிசிமாவு அதிரசத்துக்கு ஒத்துவராது. மிஞ்சினால் அந்த ஈர மாவு கொழுக்கட்டைக்கு ஆகும்.

ஊறிய அரிசியை வடித்து, நிழலில் துணியில் பரப்பி ஈரம் போக்கும்போதும் சிறிய அளவுக்கு ஒரு கவனம் வேண்டும். ஒரு கிலோ அரிசி துணியில் கெட்டியாகக் கிடக்கும், உலர அரை மணிக்கு மேல் ஆகும். கைப்பிடி கைப்பிடியான இந்த அரிசியை மெல்லியதாகப் பரப்பி மின்விசிறியும் ஓடினால் கால் மணி நேரத்திலேயே காய்ந்துவிடும். பத்து நிமிடத்திலிருந்தே தொட்டுப் பாருங்கள். அரிசி கையில் ஒட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கைக்குக் குளிர்ச்சி தெரிய வேண்டும். அரைத்த மாவைப் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடி நிற்காமல் உதிர்ந்தால் மாவு காய்ந்துவிட்டது என்று பொருள். அந்த மாவு பாகை உறிஞ்சிக்கொண்டு அதிரசத்தைக் கெட்டியாக்கும்.

மிக்ஸியில் பெரிய ஜார் வேண்டாம். அரிசி கத்தியின் மட்டத்துக்கு மேல் நிற்கவில்லை என்றால் சிதறிச் சிதறி ஓரத்துக்குப் போகுமே தவிர மாவாகாது. சட்னி ஜாரில் இரண்டு ஈடாக அரைத்து, நைசான சல்லடையில் சலித்து, காற்றில் காயாதபடி மூடி வையுங்கள். பாகு தயாராகும்போது மாவு பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்.

சிறிய பாகுதான் பெரிய சவால்

அளவைக் குறைத்தவர்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் பாகுதான். விகிதம் சரியாக இருக்கும், தராசு சரியாக இருக்கும், ஆனாலும் பாகு முற்றிவிடும். காரணம் பாத்திரத்தில் இருக்கிறது.

முக்கால் கிலோ வெல்லத்தை 24 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான சட்டியில் கரைத்தால் பாகு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். அதே சட்டியில் 150 கிராம் வெல்லப் பாகு மூன்று மில்லிமீட்டர்தான் நிற்கும். தோசை ஊற்றியது போல மெல்லிய படலம் அது. அடுப்பின் சூடு அதை உடனே பிடிக்கும், தண்ணீர் முழுப்பரப்பிலிருந்தும் விரைந்து ஆவியாகும், ஓரம் கருகும்போது நடு இளகியே இருக்கும். அதே பாகை 13 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு பாத்திரத்தில் காய்ச்சுங்கள். அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். பெரிய அளவில் பாகு எந்த நிதானத்தில் காய்ந்ததோ கிட்டத்தட்ட அந்த நிதானம் திரும்பக் கிடைக்கும். சாஸ்பேன் அல்லது பால் காய்ச்சும் சிறு கிண்ணி இதற்குப் பொருத்தம். அடுப்பிலும் சிறிய பர்னரையே பயன்படுத்துங்கள். தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறக் கூடாது.

வெல்லத்தைக் கரைத்து, கொதி வந்ததும் மண் போக வடிகட்டுகிறோம். துணியில் வடித்தால் துணியே இரண்டு கரண்டி பாகைக் குடித்துவிடும். முக்கால் கிலோவில் அது தெரியாது, 150 கிராமில் அது பெரிய நஷ்டம். கம்பி டீ வடிகட்டியில் வடியுங்கள். முதல் பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுச் சுழற்றி அதையும் ஊற்றிக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் எப்படியும் வற்றிப்போகும்.

இனிப் பதம் பார்க்கும் முறை. ஒரு கிண்ணம் தண்ணீரில் பாகைச் சொட்டுவிட்டால், கரையாமல் அடியில் திரண்டு, விரலால் கூட்டினால் உருண்டு வர வேண்டும். அந்த உருண்டை மெத்தென்று இருக்க வேண்டும். அழுத்தினால் தட்டையாக வேண்டும். தட்டில் போட்டு ‘டங்’ என்று ஒலித்தால் அது கமர்கட்டுப் பதம், அதிரசத்துக்கு முற்றிவிட்டது.

பெரிய சட்டியில் ஐந்தாறு தடவை பதம் பார்த்தாலும் பாகு குறைந்தது தெரியாது. ஒவ்வொரு தடவையும் அரை டீஸ்பூன் எடுத்தால் ஏறத்தாழ 3 கிராம் போகிறது. ஆறு தடவைக்கு 18 கிராம். முக்கால் கிலோவில் அது ஒன்றும் இல்லை. 150 கிராமில் எட்டில் ஒரு பங்குக்கு நெருங்கிவிடுகிறது, நாம் கவனமாக வைத்த 4-க்கு 3 அங்கேயே உடைகிறது. ஆகவே சொட்டு என்றால் சொட்டுதான் விடுங்கள், கரண்டி நுனியால் எடுத்துவிடுங்கள். கொதியின் நுரை பெரிய பெரிய குமிழிகளாக இருந்து, சிறுத்து, கனத்து, பாத்திரத்தில் மெதுவாக எழும்பி அடங்கும் வரை பதம் பார்க்கத் தேவையே இல்லை. அதன் பிறகு இரண்டு அல்லது மூன்று தடவை பார்த்தால் போதும்.

இன்னொன்று மிக முக்கியம். ஒவ்வொரு முறை பதம் பார்க்கும்போதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். பெரிய சட்டியில் நாம் கிண்ணத்தில் உருட்டிப் பார்க்கும் அரை நிமிடத்தில் பாகு பெரிதாக மாறாது. சிறு பாத்திரத்தில் அந்த அரை நிமிடத்தில் உருட்டுப் பதம் கடந்து முற்றிவிடும். பதம் வரவில்லை என்றால் மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம், கடந்துவிட்ட பதத்தைத் திருப்பும் வேலை கடினம். முற்றியது தெரிந்தால் உடனே இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு, மறுபடி கரையவைத்து, மறுபடி காய்ச்சலாம். மாவு சேர்ப்பதற்கு முன்னால் மட்டுமே இந்த வாய்ப்பு உண்டு.

பதம் வந்ததும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வையுங்கள். அடிகனமான பாத்திரம் அணைத்த பிறகும் சூட்டைத் தேக்கி வைத்துப் பாகைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். ஏலக்காய்த்தூள், சுக்கு, எள் சேர்த்து, மாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் மூன்று நான்கு பாகமாகச் சேர்த்துக் கிளறுங்கள். சிறிய அளவுப் பாகு சீக்கிரம் ஆறும், ஆறும்போது தடித்துக்கொண்டே போகும். அதனால் கை வேகமாக இயங்க வேண்டும். மாவு தளர்வாக, கரண்டியை உயர்த்தினால் கனத்து மெதுவாக வழியும் நிலையில் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு போல இறுகட்டும் என்று மாவைச் சேர்த்துக்கொண்டே போகக் கூடாது. அடுத்த நாள் அது தானாக இறுகும். மாவு மிஞ்சினால் மிஞ்சட்டும்.

மாவை ஊறவிடும்போது

இப்போது கையில் இருப்பது ஏறத்தாழ 400 கிராம் பாகு மாவு. அதைப் பெரிய பாத்திரத்தில் போட்டு மூடினால், மேற்பரப்பு முழுவதும் காற்றுப் பட்டுப் பொருக்குத் தட்டும். பெரிய அளவில் மேலே ஒரு பொருக்கு கட்டினாலும் உள்ளே ஏராளமான மாவு ஈரமாக இருக்கும், பிசைந்தால் சரியாகிவிடும். 400 கிராமில் உள்ளே என்று சொல்லவே அதிகம் இல்லை. ஆகவே மாவு விளிம்பு வரை நிரம்பும் சிறு டப்பாவில் அடைத்து, மேலே ஒரு டீஸ்பூன் நெய்யைத் தடவி, மூடி வையுங்கள். ஓர் இரவு, முடிந்தால் ஒரு முழு நாள் இருக்கட்டும்.

மறுநாள் ஒரு சிறு உருண்டையைத் தட்டி எண்ணெயில் போட்டுப் பாருங்கள். பிரிந்து நுரைத்துக் கரைந்தால் பாகு இளகல், எடுத்துவைத்த ஈர மாவில் ஒரு டீஸ்பூன் சேர்த்துப் பிசைந்து இன்னும் சிறிது நேரம் விடுங்கள். மாவு வறண்டு தட்டும்போதே விளிம்பு வெடித்தால் பாகு முற்றல், வெதுவெதுப்பான பாலை ஒரு டீஸ்பூன் தெளித்துப் பிசையுங்கள். இந்த அளவுக்கு ஒரு டீஸ்பூனே பெரிய மாற்றம் தரும். சேர்த்த பிறகு கால் மணி நேரம் காத்திருந்து, அதன் பிறகே அடுத்த டீஸ்பூனைப் பற்றி யோசியுங்கள்.

வகுத்தலை எங்கே நிறுத்துவது

இருவருக்கு 12 அதிரசமே அதிகம், ஆறு போதும் என்று சிலர் நினைக்கலாம். சர்க்கரை நோயால் ஆளுக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் இன்று நிறைய. அப்போது ஒரு பங்கை 25 கிராமாக்கி, அரிசி 100, வெல்லம் 75 என்று இன்னும் இறக்கலாமா? எண்கள் அழகாகத்தான் வருகின்றன. ஆனால் பாகு ஒத்துக்கொள்ளாது. 75 கிராம் வெல்லப் பாகு எவ்வளவு சிறிய பாத்திரத்திலும் அடிக்கு அடி ஒட்டும். பாத்திரத்திலும் கரண்டியிலும் வடிகட்டியிலும் தங்குவது அளவு குறைந்ததற்காகக் குறைவதில்லை. பதம் பார்க்கும் சொட்டுகளும் குறைவதில்லை. மொத்தம் சிறுக்கச் சிறுக்க இந்த இழப்புகள் விகிதத்தைத் தின்கின்றன. 150 கிராம் வெல்லத்தை நான் கீழ்வரம்பாக வைப்பது இதனால்தான். ஆழாக்குக் கணக்கின் 125 கிராம் அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது, கை பழகியவர்களுக்கு அது சாத்தியம்.

அதற்கும் குறைவாக வேண்டும் என்றால் வகுக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பாகைப் பிரிக்காதீர்கள், மாவைப் பிரியுங்கள். அரிசி 200, வெல்லம் 150 என்றே முழு அளவுக்குப் பாகு மாவைச் செய்துகொள்ளுங்கள். அதில் வெல்லம் நிறைய இருப்பதால் மாவு எளிதில் கெடாது. நெய் தடவிய டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். தீபாவளி அன்று நான்கு உருண்டை, அடுத்த வாரம் விருந்தாளி வந்தால் நான்கு உருண்டை என்று எடுத்துச் சுட்டுக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜில் இருந்த மாவை வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகு பிசைந்து தட்ட வேண்டும். எட்டு அதிரசமோ நான்கோ, உருண்டைகளை எண்ணி எடுக்கும்போது எந்த எண்ணும் உடைவதில்லை.

சுடும்போதும் சிறு வாணலியின் இயல்பை அறிந்து நடக்க வேண்டும். 350 மில்லி எண்ணெயில் ஓர் உருண்டை போட்டாலே சூடு சட்டென்று இறங்கும், தீயைக் கூட்டினால் சட்டென்று ஏறும். ஒரு தடவைக்கு ஒன்று மட்டும் போடுங்கள். மிதமான தீயில் போட்டு, மேலே எழும்பியதும் திருப்பி, இருபுறமும் செம்பழுப்பானதும் எடுத்து, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெயைப் பிழியுங்கள். அடுத்ததைப் போடும் முன் எண்ணெய் பழைய சூட்டுக்கு வர அரை நிமிடம் விடுங்கள். உதிர்ந்த வெல்லத் துணுக்குகளை உடனுக்குடன் அரித்து எடுங்கள். எண்ணெய் குறைவாக இருப்பதால் அவை கருகினால் கசப்பு அடுத்த அதிரசத்தில் ஏறும்.

மற்ற பலகாரங்களுக்கு

பாகு உள்ள எந்தப் பலகாரத்துக்கும் இதே முறை பொருந்தும். முதலில் முக்கியமான இரண்டு மூன்று பொருள்களின் விகிதத்தைப் பங்காக எழுதுங்கள். ஒரு பங்கின் எடையைத் தராசு நேராகக் காட்டும் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பாத்திரத்தை மாற்றுங்கள்.

தட்டில் ஊற்றி வில்லை போடும் மைசூர்பாகு போன்றவற்றுக்கு மட்டும் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. 25 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் ஊற்றியதை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் தட்டின் பக்கத்தை ஐந்தால் வகுத்து 5 சென்டிமீட்டர் தட்டைத் தேடக் கூடாது. வகுக்க வேண்டியது பரப்பு. 25-ஐ 25-ஆல் பெருக்கினால் 625, அதில் ஐந்தில் ஒரு பங்கு 125. ஆகவே 11 சென்டிமீட்டர் பக்கமுள்ள சிறு டப்பா சரியாக இருக்கும். அதே கனம் கிடைக்கும். பெரிய தட்டிலேயே ஊற்றினால் அப்பளம் போல மெலிந்து, ஆறுவதற்குள் உடைந்துபோகும்.

நோட்டில் எப்படி எழுதுவது

இதைச் செய்து முடித்ததும் வீட்டு நோட்டில் இந்த வருடத்து அளவை மட்டும் எழுதிவைக்காதீர்கள். ‘இருவருக்கு’ என்றும் எழுத வேண்டாம். பங்காக எழுதுங்கள். அதிரசம்: அரிசி 4 பங்கு, வெல்லம் 3 பங்கு. பங்கு 50 கிராம் என்றால் 12 அதிரசம், 13 சென்டிமீட்டர் பாத்திரம், கால் டம்ளர் தண்ணீர், 3 ஏலக்காய். பங்கு 100 கிராம் என்றால் 24 அதிரசம், அரை டம்ளர் தண்ணீர், 6 ஏலக்காய், பாத்திரமும் அதற்கேற்ப 18 சென்டிமீட்டர். பங்கு 250 கிராம் என்றால் பழைய ஒரு கிலோ அளவு, 60 அதிரசம், 24 சென்டிமீட்டர் சட்டி.

மூன்று வரிகளில் மூன்று குடும்பத்துக்கான கணக்கு முடிந்துவிடுகிறது. இந்த வருடம் இருவர் மட்டும் இருந்தால் முதல் வரி. பிள்ளைகள் வந்து தங்கினால் இரண்டாவது வரி. எல்லோரும் கூடுகிற வருடம் மூன்றாவது வரியைத் திறந்து, பாட்டி வைத்த அதே அளவுக்குத் திரும்பிப் போகலாம். எந்த வரியிலும் பின்னம் இல்லை, 4-க்கு 3 மட்டும் மாறாமல் நிற்கிறது.